இறுதி நேர்காணலுக்குப் பின் ‘தேர்வாகவில்லை’ என்று எழுதுவது எப்படி? மனிதவளப் பணிக்குப் புதியவர்களுக்கு

விண்ணப்பத்தோடு நின்றுவிட்டவருக்கு அனுப்பும் மறுப்பும், மூன்று சுற்றுகளைத் தாண்டி நிர்வாக இயக்குநரின் எதிரில் அமர்ந்து பேசிவிட்டுப் போனவருக்கு அனுப்பும் மறுப்பும் ஒன்றல்ல. இரண்டாமவர் விடுப்புப் போட்டுவிட்டு வந்திருப்பார். இப்போதுள்ள இடத்தில் எப்போது விலகல் கடிதம் கொடுப்பது என்பது வரை வீட்டில் பேசியிருப்பார். அவருக்கு ஐந்தாறு வாக்கியங்களில் முடிவைச் சொல்ல வேண்டும். சிறிய நிறுவனங்களில் இதற்கு மாதிரிக் கடிதமோ சொல்லிக்கொடுக்க ஆளோ இருப்பதில்லை. நான் தட்டுத் தடுமாறிக் கற்றதைப் பின்னால் வருபவர்கள் அந்தத் தடுமாற்றம் இல்லாமல் செய்ய வேண்டும் என்பதற்காக வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

விளக்கத்துக்காக ஒரே நிகழ்வைக் கடைசி வரை எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்று. பணி, கணக்கு மேலாளர். இறுதிச் சுற்றுக்கு இருவர் வந்தார்கள். ஒருவர் ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். மற்றவர் திருச்சியிலிருந்து வந்த பெண்மணி. உள்நாட்டு விற்பனைக் கணக்கில் நல்ல தேர்ச்சி உள்ளவர். நிறுவனம் முதலாமவரை எடுத்தது. நாம் எழுத வேண்டியது திருச்சிக்காரருக்கு.

1. முடிவு முடிந்துவிட்டதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்

நேர்காணல் அறையிலிருந்து வெளியே வந்தவுடன் ‘அவரையே எடுத்துக்கொள்ளலாம்’ என்று மேலாளர் சொல்வது முடிவு ஆகாது. மாலையில் சம்பளத்தைப் பற்றிப் பேசும்போது அது மாறலாம். மறுப்பை எழுதுவதற்கு முன் மூன்று தாள்கள் உங்கள் கையில் இருக்க வேண்டும்: நேர்காணல் செய்த ஒவ்வொருவரும் தம் குறிப்புகளை எழுதிக் கையெழுத்திட்ட மதிப்பீட்டுத் தாள், இன்னாரைத் தேர்ந்தெடுத்தோம் என்று ஒப்புதல் அளிக்கும் அதிகாரம் உள்ளவர் எழுதிய மின்னஞ்சல் அல்லது குறிப்பு, தேர்வானவர் பணி வழங்கு கடிதத்தில் கையெழுத்திட்டு அனுப்பிய நகல்.

மூன்றாவது தாளில்தான் பெரும்பாலும் சிக்கல் தொடங்குகிறது. தேர்வானவர் கையெழுத்திட்டுவிட்டார் என்பதால் பணியில் சேர்ந்துவிடுவார் என்று சொல்ல முடியாது. நம் ஊரில் முன்னறிவிப்புக் காலம் சில இடங்களில் 30 நாள், மென்பொருள் நிறுவனங்களில் பெரும்பாலும் 60 அல்லது 90 நாள். அந்த இடைவெளியில் பழைய நிறுவனம் சம்பளத்தை உயர்த்திக் கொடுத்து அவரை நிறுத்திக்கொள்வதும் உண்டு. நம் கடிதத்தைக் காட்டி அவர் வேறோர் இடத்தில் பேரம் பேசுவதும் உண்டு. இந்த அச்சத்தால் பல நிறுவனங்கள், முதலாமவர் வந்து சேரும் வரை இரண்டாமவரிடம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடுகின்றன.

இதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். நீங்கள் மௌனமாக இருக்கும் இரண்டு மாதங்களில் அவர் வேறொரு நல்ல வாய்ப்பைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கக்கூடும். மௌனத்தால் உங்களுக்கும் பயனில்லை. மூன்றாம் மாதத்தில் அழைத்தாலும் அவரும் தம் முன்னறிவிப்புக் காலத்தை முடித்துத்தானே வர முடியும்? ஆகவே, வழங்கு கடிதத்துக்குப் பதில் சொல்ல முதலாமவருக்கு மூன்று வேலை நாட்கள் கொடுங்கள். கையெழுத்து வந்த அன்றைக்கே இரண்டாமவருக்கு மறுப்பை அனுப்பிவிடுங்கள். பணியிடம் மீண்டும் காலியானால் என்ன செய்வது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

2. நாளையும் வழியையும் முடிவு செய்யுங்கள்

காத்திருப்பின் வேதனையைப் பாதியாகக் குறைப்பது, நேர்காணல் முடிந்து அவர் எழும்போது நீங்கள் சொல்லும் ஒரு வாக்கியம்: ‘எந்த முடிவாக இருந்தாலும் வரும் புதன்கிழமை மாலைக்குள் நானே எழுதுகிறேன்.’ வழங்கு கடிதம் தயாராக இரண்டு நாள், பதிலுக்கு மூன்று நாள் என்று வைத்தாலும் ஏழு வேலை நாட்களுக்குள் முடிந்துவிடும். சொன்ன நாளில் முடிவு வரவில்லையென்றால் அந்த நாளிலேயே அதையும் எழுதிவிட வேண்டும்: ‘முடிவு இன்னும் ஆகவில்லை, திங்கட்கிழமை எழுதுகிறேன்’ என்று இரண்டே வரி போதும். அதற்கு மேல் ஒரு முறைகூட நாளைத் தள்ளாதீர்கள்.

தொலைபேசியில் சொல்வதுதான் மரியாதை என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நீங்கள் அழைக்கும் நேரத்தில் அவர் தம் பழைய அலுவலகத்தில், மேலாளருக்கு இரண்டு இருக்கை தள்ளி அமர்ந்திருக்கலாம். மனம் உடைந்த அந்த நொடியிலும் ‘பரவாயில்லைங்க சார், ரொம்ப நன்றி’ என்று அவர் நம்மைத் தேற்ற வேண்டியிருக்கிறது. மின்னஞ்சல் என்றால் தனியாக இருக்கும்போது படிப்பார், இரண்டாம் முறையும் படிப்பார், பேச வேண்டும் என்று தோன்றினால் அழைப்பார். எனவே முடிவை மின்னஞ்சலில் சொல்லுங்கள். பேச விரும்பினால் அழைக்கத் தொலைபேசி எண்ணைக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் முடிவைச் சொல்ல வேண்டாம். முதல் வரி பூட்டிய திரையிலேயே தெரிந்துவிடும், பக்கத்தில் இருப்பவர் படித்துவிடுவார். அவர் மின்னஞ்சலே பார்க்காதவர் என்றால் ‘உங்கள் மின்னஞ்சலுக்கு எழுதியிருக்கிறேன்’ என்று மட்டும் வாட்ஸ்அப்பில் சொல்லலாம்.

நேரத்தைப் பொறுத்தவரை, மாலை 5 மணிக்கு மேல் அனுப்புவது நல்லது. பண்டிகைக்கு முந்தைய நாள் என்றால் ஒரு நாள் முன்னதாகவே அனுப்புங்கள். பண்டிகை முடியட்டும் என்று ஒரு வாரம் தள்ளினால் அவர் அந்த வாரம் முழுவதும் நம்பிக்கையோடு காத்திருப்பார்.

நிறுவனத்துக்குள்ளேயே விண்ணப்பித்தவராக இருந்தால் இவை எதுவும் பொருந்தாது. அவரை நேரில் அழைத்து, அறிவிப்புப் பலகையில் பெயர் வருவதற்கு முன் சொல்லிவிட வேண்டும்.

கன்சல்டன்சி வழியாக வந்தவர் என்றால் அவர்களிடம் மட்டும் சொல்லிவிட்டு விட்டுவிடாதீர்கள். நீங்கள் ‘ஏற்றுமதி அனுபவம் தேவைப்பட்டது’ என்று சொன்னது, இரண்டு கை மாறி ‘சம்பளம் அதிகமாகக் கேட்டீர்களாம்’ என்று அவரிடம் போய்ச் சேரும். கன்சல்டன்சிக்குத் தெரிவித்துவிட்டு, அதே நாளில் நீங்களும் அவருக்கு நேரடியாக எழுதுவதாகச் சொல்லிவிடுங்கள்.

3. பெயரைச் சரிபாருங்கள்

இதற்குத் தனித் தலைப்பா என்று தோன்றலாம். ஆட்சேர்ப்பு மென்பொருள்கள் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் வைத்திருக்கின்றன. நம் மக்கள் முதலெழுத்தை விரித்து ஏதோ ஒரு கட்டத்தில் தந்தையின் பெயரை எழுதிவிடுகிறார்கள். அதனால் ‘க. வனிதா’ என்ற விண்ணப்பதாரருக்கு ‘அன்புள்ள கந்தசாமி’ என்று கடிதம் போகிறது. மூன்று சுற்றுப் பேசியவருக்குத் தந்தையின் பெயரில் மறுப்பு வந்தால், தம்மை யாரும் பார்க்கவே இல்லை என்றுதான் அவர் நினைப்பார். சுயவிவரத்தின் தலைப்பில் அவரே எப்படி எழுதியிருக்கிறார் என்று பார்த்து, அதையே கையால் தட்டச்சு செய்யுங்கள். திருமதியா, செல்வியா என்று தெரியாவிட்டால் ‘வனிதா அவர்களுக்கு’ என்பதே போதுமான மரியாதை.

4. ஒரே ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுங்கள்

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். காரணமே சொல்லாத மறுப்பு, இறுதிச் சுற்று வரை வந்தவரை இரவெல்லாம் யோசிக்க வைக்கும். ஐந்து காரணங்களை அடுக்கும் மறுப்பு அவரை வாதத்துக்கு இழுக்கும். ஒரு காரணம் போதும். அது உண்மையாகவும் பணியோடு நேரடியாகத் தொடர்புடையதாகவும் மதிப்பீட்டுத் தாளில் எழுதப்பட்டதாகவும் இருக்க வேண்டும்.

நம் நிகழ்வில் மதிப்பீட்டுத் தாளில் மூன்று குறிப்புகள் இருந்தன. ‘ஏற்றுமதி ஜிஎஸ்டி ரீஃபண்ட் செய்த அனுபவம் இல்லை’ என்று நிதித் தலைவர் எழுதியிருந்தார். ‘தயங்கித் தயங்கிப் பேசுகிறார்’ என்று தொழிற்சாலை மேலாளர் எழுதியிருந்தார். ‘திருச்சியில் குடும்பம், இங்கே நிலைப்பாரா?’ என்று மூன்றாமவர் எழுதியிருந்தார்.

மூன்றாவது குறிப்பு கடிதத்தில் வரவே கூடாது. முடிவிலும் அதற்கு இடமில்லை. 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு, ஒரே வகையான வேலைக்கு ஆளெடுக்கும்போது பாலின அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. திருச்சியில் குடும்பம் உள்ள ஆண் விண்ணப்பதாரரிடம் அந்தக் கேள்வி எழுந்திருக்குமா என்று கேட்டுப் பார்த்தாலே அதன் தன்மை விளங்கிவிடும். அப்படி ஒரு குறிப்பைக் கண்டால் மறுப்பை எழுதுவதை நிறுத்திவிட்டு, அந்தக் குறிப்பு முடிவைப் பாதித்ததா என்று ஒப்புதல் கொடுத்தவரிடம் கேளுங்கள். பாதித்திருந்தால் இருவரையும் மறுபடி மதிப்பிடச் சொல்லுங்கள். நல்ல தமிழில் கடிதம் எழுதி அதைச் சரிக்கட்ட முடியாது.

இரண்டாவது குறிப்பு ஒருவேளை உண்மையாகவே இருந்தாலும், அது அவருடைய இயல்பைப் பற்றியது. அதைப் படித்து அவர் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

முதற்குறிப்பு மட்டும் நேரானது. இந்த நிறுவனம் வரி செலுத்தாமல் உத்தரவாதக் கடிதத்தின் பேரில் பம்புகளை ஏற்றுமதி செய்கிறது. மூலப்பொருள் வாங்கும்போது கட்டிய உள்ளீட்டு வரியைப் பிறகு ரீஃபண்டாகத் திரும்பப் பெறுகிறது. ரீஃபண்ட் தாமதமானால் மூலப்பொருள் வாங்கும் பணம் முடங்கும். கணக்கு மேலாளர் முதல் மாதத்திலிருந்தே அந்த விண்ணப்பங்களைத் தனியாகக் கையாள வேண்டும். இது பணியின் தேவை. மேலும், இது கற்றுக்கொள்ளக்கூடிய வேலை. ‘அடுத்த முறை இதைக் கற்றுக்கொண்டு போகலாம்’ என்று அவர் நினைக்க இடமிருக்கிறது.

காரணத்தை எழுதும்போது தேர்வானவரோடு ஒப்பிடாதீர்கள். ‘உங்களைவிடத் தகுதியானவர்’ என்ற சொற்கள் புண்படுத்தும்; அவை எதையும் விளக்குவதும் இல்லை. ‘பணிக்கு இது தேவைப்பட்டது, இதை ஏற்கெனவே செய்தவரை எடுத்தோம்’ என்றால் விஷயம் முழுமையாகப் போய்ச் சேரும்.

5. எழுதுங்கள்

முதலில், பரவலாகப் புழங்கும் கடிதத்தின் சாயலைப் பாருங்கள்:

‘எங்கள் நிறுவனத்தின் மீது தாங்கள் காட்டிய ஆர்வத்துக்கு மனமார்ந்த நன்றி. மிகச் சிறந்த விண்ணப்பதாரர்கள் பலர் கலந்துகொண்ட இந்தத் தேர்வில் தங்கள் திறமை எங்களை வெகுவாகக் கவர்ந்தது. எனினும், நீண்ட பரிசீலனைக்குப் பின் தற்சமயம் மேற்கொண்டு தொடர இயலாத நிலையில் உள்ளோம். தங்கள் விவரங்களைப் பத்திரப்படுத்தி, பொருத்தமான வாய்ப்பு வரும்போது கட்டாயம் தொடர்புகொள்வோம்.’

இதைப் படிப்பவர் இரண்டாம் வாக்கியத்தில் வேலை கிடைத்துவிட்டது என்று நினைப்பார், மூன்றாவதில் குழம்புவார், நான்காவதைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். ‘தற்சமயம்’ என்ற சொல் கதவு பாதி திறந்திருப்பதாகக் காட்டுகிறது. நிறுவனம் கட்டாயம் தொடர்புகொள்ளப்போவதும் இல்லை.

இப்போது நம் கடிதம்:

‘பொருள்: கணக்கு மேலாளர் பணி – இறுதி நேர்காணலின் முடிவு

வனிதா அவர்களுக்கு,

வணக்கம். கணக்கு மேலாளர் பணிக்கு வேறொருவரைத் தேர்ந்தெடுத்துள்ளோம். இப்பணியை உங்களுக்கு வழங்க இயலவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறேன்.

ஏற்றுமதி ஜிஎஸ்டி ரீஃபண்ட் விண்ணப்பங்களை முதல் மாதத்திலிருந்தே தனியாகக் கையாள வேண்டியிருப்பதால், அந்த வேலையை ஏற்கெனவே செய்தவரை எடுத்தோம். கணக்கில் உள்ள கையிருப்புக்கும் கிடங்கில் எண்ணிய சரக்குக்கும் வித்தியாசம் வந்தால் எங்கிருந்து தேடத் தொடங்குவீர்கள் என்ற கேள்விக்கு நீங்கள் சொன்ன பதிலை எங்கள் நிதித் தலைவர் பாராட்டிக் குறித்து வைத்திருக்கிறார்.

இறுதி நேர்காணலுக்கு நீங்கள் வந்துபோன பயணச் செலவு வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படும். மூன்று சுற்றுகளுக்கும் விடுப்பு எடுத்து வந்தமைக்கு நன்றி. ஏதேனும் கேட்க விரும்பினால் கீழே உள்ள எண்ணில் மாலை 5 மணிக்கு மேல் என்னிடம் பேசலாம்.’

கீழே உங்கள் பெயர், பதவி, எண். ‘மனிதவளத் துறை’ என்று மட்டும் போட்டு முடிக்காதீர்கள்.

முடிவு முதல் வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது. பொருள் வரியில் ‘முடிவு’ என்று மட்டும் இருக்கிறது, மறுப்பு என்று இல்லை. அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. பாராட்டு வாக்கியம் அவர் உண்மையில் சொன்ன ஒரு பதிலைப் பற்றியது. அதை வேறு யாருக்கும் அனுப்ப முடியாது. அப்படி ஒன்று மதிப்பீட்டுத் தாளில் கிடைக்காவிட்டால் பாராட்டையே விட்டுவிடுங்கள். காரணம் பாராட்டுக்கு முன்னால் இருப்பதும் திட்டமிட்டதுதான். பாராட்டை முன்னால் வைத்து ‘ஆனால்’ என்று தொடர்ந்தால் அந்தப் பாராட்டை யாரும் நம்புவதில்லை.

நேர்காணல் எந்த மொழியில் நடந்ததோ அந்த மொழியில் எழுதுவது நல்லது. தமிழில் பேசிப் பழகியவருக்குத் திடீரென ஆங்கிலக் கடிதம் போனால், அதை வேறு யாரோ எழுதியதாகத்தான் அவர் எடுத்துக்கொள்வார்.

6. அனுப்பும் பொத்தானை அழுத்துமுன்

பதில் அனுப்ப முடியாத தானியங்கி முகவரியிலிருந்து இதை அனுப்பாதீர்கள். ‘கேட்கலாம்’ என்று எழுதிவிட்டுக் கேட்க வழியில்லாமல் செய்வதாகிவிடும். ஒரே பணிக்குப் பலரை மறுக்கும்போது எல்லா முகவரிகளையும் ஒரே மின்னஞ்சலில் போட்டால் ஒருவர் விவரம் மற்றவருக்குத் தெரிந்துவிடும். கோயம்புத்தூரில் ஒரே துறையில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். வேலை தேடும் செய்தி பழைய முதலாளியின் காதுக்குப் போக அதிக நேரம் ஆகாது. அதே காரணத்தால் அவருடைய அலுவலக முகவரிக்கு எழுதவே கூடாது. சுயவிவரத்தில் உள்ள சொந்த முகவரிக்கு மட்டும் எழுதுங்கள்.

7. பணத்தையும் தாள்களையும் தீர்த்துவிடுங்கள்

பயணச் செலவு தருவதாக அழைப்புக் கடிதத்தில் சொல்லியிருந்தால், மறுப்பை அனுப்பும் அன்றே அதற்கான வவுச்சரைக் கணக்குப் பிரிவுக்குக் கொடுத்துவிடுங்கள். தேர்வாகாதவர் அந்தச் சில நூறு ரூபாயைக் கேட்டு மறுபடி எழுதுவதற்குக் கூச்சப்படுவார், கேட்காமலேயே போய்விடுவார். வங்கிக் கணக்கு எண்ணை இறுதி நேர்காணல் அன்றே பயணச்சீட்டோடு வாங்கி வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் வராது.

அசல் சான்றிதழ்கள் எதையாவது வாங்கி வைத்திருந்தால் நிறுவனச் செலவில் விரைவுத் தபாலில் திருப்பி அனுப்பி, கண்காணிப்பு எண்ணைக் கொடுங்கள். ஆதார் நகல், பான் நகல், சம்பளச் சீட்டுகள் ஆகியவை பகிர்ந்த கோப்புறையில் ஆண்டுக்கணக்கில் கிடப்பது வழக்கமாகிவிட்டது. எந்த நோக்கத்துக்காக வாங்கினோமோ அது முடிந்துவிட்டால், வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லாத வரை, அவற்றை அழித்துவிட வேண்டும் என்பதே 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை. சுயவிவரத்தை எதிர்கால வாய்ப்புக்காக வைத்துக்கொள்ள விரும்பினால், ‘வைத்துக்கொள்ளலாமா?’ என்று தனியாகக் கேட்டு, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். மதிப்பீட்டுத் தாளைத் தனிக் கோப்பில் வையுங்கள். முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்று பின்னால் யாராவது கேட்டால் அது ஒன்றுதான் சான்று.

8. பதில் வந்தால்

பெரும்பாலும் நன்றி சொல்லி இரண்டு வரி வரும். அதற்குப் பதில் தேவையில்லை. சிலர் ‘இன்னும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல முடியுமா?’ என்று கேட்பார்கள். பத்து நிமிடம் பேசுங்கள்; ஆனால் கடிதத்தில் சொன்ன காரணத்தையே விரித்துச் சொல்லுங்கள், தொலைபேசியில் புதிய காரணம் ஒன்றைச் சேர்க்காதீர்கள். சேர்த்தால் கடிதத்தில் எழுதியது பொய் என்று ஆகிவிடும்.

‘சம்பளத்தைக் குறைத்துக்கொள்கிறேன், மூன்று மாதம் சோதனையாக வைத்துப் பாருங்கள்’ என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். இதைப் படிப்பது கடினம். அப்போது ‘பார்க்கிறேன்’ என்று எழுதத்தான் கை போகும், எழுதாதீர்கள். ‘முடிவில் மாற்றமில்லை. சம்பளம் இதற்குக் காரணமாக இருக்கவில்லை’ என்று, அது உண்மையாக இருந்தால், தெளிவாக எழுதுங்கள். அவர் அடுத்த இடத்தில் தம் சம்பளத்தைத் தாமே குறைத்துக் கேட்காமல் இருக்க அந்த இரண்டாவது வாக்கியம் உதவும்.

கோபத்தோடு வரும் பதிலுக்கு அன்றைக்கே எழுத வேண்டாம். அதில் நேர்காணலில் நடந்த ஏதோ ஒன்றைப் பற்றிக் குறிப்பான புகார் இருந்தால் மட்டும், யார் விசாரிப்பார், எந்த நாளுக்குள் பதில் வரும் என்று மறுநாள் எழுதுங்கள்.

9. பணியிடம் மீண்டும் காலியானால்

தேர்வானவர் சேரும் நாளுக்கு முன்பே பின்வாங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். திருச்சிக்காரரை இப்போது அணுகலாம். தெளிவாக மறுத்திருப்பதால் அவர் உங்களை நம்பக் காரணமிருக்கிறது. ஆனால் மனிதவளப் பிரிவின் இளநிலை ஊழியரை விட்டு ‘இன்னும் விருப்பம் இருக்கிறதா?’ என்று கேட்க வைக்காதீர்கள். முதலில் ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்: ரீஃபண்ட் வேலைக்கு என்ன ஏற்பாடு? வெளித் தணிக்கையாளரிடம் ஆறு மாதத்துக்கு ஒப்படைத்து, அதற்குள் அவர் கற்றுக்கொள்ளட்டும் என்று நிதித் தலைவர் ஒப்புக்கொண்ட பிறகே எழுதுங்கள். அப்போது நடந்ததை மறைக்காமல் இப்படிச் சொல்லலாம்:

‘வனிதா அவர்களுக்கு, வணக்கம். தேர்வானவர் சேர இயலாத காரணத்தால் கணக்கு மேலாளர் பணியிடம் மீண்டும் காலியாகியுள்ளது. ரீஃபண்ட் வேலையை முதல் ஆறு மாதங்களுக்கு எங்கள் தணிக்கையாளர் பார்த்துக்கொள்வார் என்ற ஏற்பாட்டுடன் இப்பணியை உங்களுக்கு வழங்க விரும்புகிறோம். மீண்டும் நேர்காணல் இராது. சம்பளம், சேரும் நாள் ஆகியவை பற்றி இத்துடன் உள்ள கடிதத்தில் எழுதியிருக்கிறோம். வேறு இடத்தில் நீங்கள் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தால் அதை மாற்ற வேண்டும் என்று கேட்கவில்லை. விருப்பம் எதுவாயினும் அடுத்த திங்கட்கிழமைக்குள் தெரிவித்தால் போதும்.’